எந்த எண் பெரிது என்று கேட்டுகள் எப்படிச் சொல்கின்றன?

42, 39 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் பத்தாம் இடத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவோம். ஒன்றாம் இடத்தில் இருக்கும் 9 நம்மைக் குழப்பாது. பத்தாம் இடத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த இலக்கத்துக்குப் போவோம். இரண்டு பிட் கம்பேரட்டரும் இதையேதான் செய்கிறது.

A என்ற எண்ணுக்கு A1, A0 என்றும், B-க்கு B1, B0 என்றும் பிட்டுகள். மேல் பிட்டான A1 ஒன்றாகவும் B1 சுழியாகவும் இருந்தால் A பெரிது. B1-ஐ நாட் கேட்டில் திருப்பி A1-உடன் ஆண்ட் கேட்டில் கொடுத்தால் அது தெரிந்துவிடும். மேல் பிட்டுகள் சமமா என்பதை எக்ஸ்நார் கேட் சொல்லும். அதன் வெளியீடு E1. கீழ் பிட்டுகளுக்கு E0. G என்றால் A பெரிது, L என்றால் A சிறிது, E என்றால் சமம்.

```
G = A1·B1' + E1·A0·B0'
L = A1'·B1 + E1·A0'·B0
E = E1·E0
```

இங்கே E1-ஐ விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அது எளிதில் அகப்படாது: மொத்தம் 16 சேர்க்கைகளில் 14 சரியாகவே வரும். 01-ஐயும் 10-ஐயும் ஒப்பிடும்போது மட்டும், எதை முதலில் வைத்தாலும், G, L இரண்டு விளக்குகளும் சேர்ந்து எரியும். ஆகவே பதினாறையும் போட்டுப் பார்ப்பதே நல்லது. எப்போதும் ஒரே விளக்குதான் எரிய வேண்டும்: சமம் 4 முறை, மற்றவை ஆளுக்கு 6 முறை.

நான்கு பிட் எண்களுக்கு இப்படி இரண்டு கட்டங்களைத் தொடராக இணைக்கலாம். கீழ்க்கட்டத்தின் முடிவு மேல்கட்டத்துக்குள் நுழையும். மேல்கட்டம் தன் பிட்டுகள் சமமாக இருந்தால் மட்டும் அதை ஏற்கும்.

```
Gout = G + E·Gin
Lout = L + E·Lin
Eout = E·Ein
```

9-ஐயும் (1001) 10-ஐயும் (1010) எடுத்துக்கொள்வோம். மேல்கட்டத்தில் 10, 10 சமம். கீழ்க்கட்டத்தில் 01, 10. எனவே ‘சிறிது’ என்ற தகவல் மேலேறி அதுவே விடையாகிறது. 9-ஐ 7-உடன் (0111) ஒப்பிட்டாலோ கீழ்க்கட்டம் ‘சிறிது’ என்றுதான் சொல்லும். ஆனால் மேல்கட்டத்தில் E சுழியாக இருப்பதால் அந்தச் சொல் ஏறாது.

கடைசிக் கட்டத்துக்குக் கீழே யாரும் இல்லையே, அதன் உள்ளீடுகளுக்கு என்ன கொடுப்பது? Ein-க்கு 1, மற்ற இரண்டுக்கும் 0. நான்கு பிட் கம்பேரட்டரான 7485 சிப்பிலும் இதே ஏற்பாடுதான். டிடிஎல் வகைச் சிப்புகளில் எதிலும் இணைக்காமல் விட்ட உள்ளீடு பெரும்பாலும் 1 போலவே நடந்துகொள்ளும். நம் சுற்றில் மூன்றையும் அப்படி விட்டால், சமமான எண்களுக்கு மூன்று விளக்குகளும் எரியும். சமமற்ற எண்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

கட்டங்கள் கூடக் கூட விடை தாமதமாகும். 16 பிட்டுக்கு எட்டுக் கட்டங்கள். மேல் பிட்டுகள் எல்லாம் சமமாக இருந்தால் கீழ்க்கட்டத்தின் முடிவு ஏழு கட்டங்களைக் கடந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்ட், ஓர் ஆர் கேட்டுக்குக் காத்திருந்துதான் மேலே வரும். அண்டைக் கட்டங்களை இரண்டிரண்டாக இணைத்து, அந்த முடிவுகளையும் அப்படியே இணைத்துக்கொண்டு போனால் மூன்றே அடுக்குகளில் விடை கிடைத்துவிடும்.