2,000 பீஸ் குறைந்தால் லாபம் எவ்வளவு குறையும்?

திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டும் மாதம் 10,000 டி-சர்ட்டை, ஒன்று 200 ரூபாய் விலையில் விற்கின்றன. விற்பனை 20 லட்சம், லாபம் 2 லட்சம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆர்டர் குறையும் மாதத்தில்தான் தெரியும்.

முதல் கம்பெனி எல்லாவற்றையும் சொந்தக் கூரையின் கீழ் செய்கிறது. பவர் டேபிள், ஓவர்லாக் மெஷின்கள், டெய்லர்கள் எல்லாம் தன்னுடையவை. துணி, நூல், பேக்கிங் என்று ஒரு பீஸுக்கு 120 ரூபாய் ஆகிறது. கட்டட வாடகை, சம்பளம், மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 6 லட்சம். ஒரு பீஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த 6 லட்சம் போய்த்தான் ஆகும்.

இரண்டாவது கம்பெனி தையலை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறது. பீஸ் ரேட்டும் சேர்ந்துவிடுவதால் ஒரு பீஸின் செலவு 170 ரூபாய். ஆனால் மாதாமாதம் கட்டாயம் போகும் செலவு 1 லட்சம்தான்.

முதல் கம்பெனிக்கு ஒரு பீஸ் விற்றால் 80 ரூபாய் நிற்கிறது. 6 லட்சத்தை ஈடுகட்ட 7,500 பீஸ் விற்க வேண்டும். அதற்கு மேல் விற்பதில்தான் லாபம். இன்றைய விற்பனைக்கும் இந்த 7,500க்கும் நடுவே உள்ள 2,500 பீஸ்தான் அதன் ‘பாதுகாப்பு எல்லை’. அதாவது விற்பனையில் 25 சதவீதம். இரண்டாவது கம்பெனிக்கு ஒரு பீஸில் நிற்பது 30 ரூபாய்தான். ஆனாலும் சுமார் 3,333 பீஸிலேயே கட்டாயச் செலவு அடைந்துவிடுகிறது. அதன் பாதுகாப்பு எல்லை கிட்டத்தட்ட 67 சதவீதம்.

இப்போது இருவருக்கும் ஆர்டர் 8,000 பீஸாகக் குறைகிறது. முதல் கம்பெனிக்கு நிற்பது 6,40,000 ரூபாய். 6 லட்சம் போக லாபம் 40,000. விற்பனை 20 சதவீதம்தான் குறைந்தது. லாபமோ 80 சதவீதம் போய்விட்டது. இரண்டாவது கம்பெனிக்கு லாபம் 1,40,000. அங்கே குறைந்தது 30 சதவீதம்.

விற்பனை குறைவதைப் போல லாபம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதைத்தான் ‘ஆப்பரேட்டிங் லெவரேஜ்’ என்கிறார்கள். முதல் கம்பெனிக்கு 4 மடங்கு, இரண்டாவதற்கு ஒன்றரை மடங்கு. இதைத் தனியாகக் கணக்கிட வேண்டியதே இல்லை. பாதுகாப்பு எல்லை நாலில் ஒரு பங்கு என்றால் மடங்கு 4. மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஒன்றரை. ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது.

இந்த மடங்கு நிலையாக நிற்பதும் இல்லை. 8,000 பீஸுக்கு இறங்கிவிட்ட முதல் கம்பெனிக்கு மிச்சமிருக்கும் இடைவெளி 500 பீஸ்தான். அந்த இடத்தில் மடங்கு 16. இன்னும் 400 பீஸ், அதாவது வெறும் 5 சதவீதம் குறைந்தால், இருக்கும் 40,000 ரூபாயில் 32,000 கரைந்துவிடும். முதல் சரிவைத் தாங்கிய கம்பெனி அடுத்த சிறு சரிவில் தடுமாறுவது இதனால்தான்.

அப்படியானால் எல்லாரும் ஜாப் ஒர்க்குக்கே கொடுத்துவிடலாமா? ஆர்டர் 12,000 ஆக உயர்ந்தால் முதல் கம்பெனியின் லாபம் 3,60,000. இரண்டாவதன் லாபம் 2,60,000. அதோடு, இறங்குவது பீஸ் எண்ணிக்கை அல்லாமல் விலையாக இருந்தால் நிலைமையே வேறு. பையர் பீஸுக்கு 20 ரூபாய் குறைத்துக் கேட்கிறார், வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். 10,000 பீஸுக்கு 2 லட்சம் போயிற்று. இரண்டு கம்பெனிகளின் லாபமும் பூஜ்யம். 67 சதவீத எல்லை இரண்டாவது கம்பெனியைக் காப்பாற்றவில்லை. அந்த எல்லை பழைய விலைக்குப் போட்ட கணக்கு. ஒரு பீஸில் இனி 10 ரூபாய்தான் நிற்கும் என்பதால், முதலுக்கு முதல் வரவே 10,000 பீஸ் விற்க வேண்டியிருக்கிறது. விலை மாறிய அன்றே இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

கணக்குப் போடும்போது பெரும்பாலும் பிசகுவது செலவைப் பிரிக்கும் இடத்தில். கரண்ட் பில்லில் யூனிட்டுக்கு ஏற்ற தொகை தையலோடு குறையும். ஃபிக்சட் சார்ஜ் குறையாது. ஷிப்ட் சம்பளம் காகிதத்தில் குறைக்கக்கூடிய செலவு. ஆனால் அனுப்பிய டெய்லர் அடுத்த ஆர்டருக்குத் திரும்பி வர மாட்டார் என்ற பயத்தில் வேலையில்லாத நாளிலும் கொடுக்கிறோம் என்றால், அது கட்டாயச் செலவுதான். கடன் வட்டி இந்த 6 லட்சத்தில் சேரவில்லை. இருந்தால் அது இன்னொரு சுமை.

புது மெஷின் வாங்குமுன் முதலாளி பார்க்க வேண்டியது நல்ல மாதத்து லாபத்தை அல்ல. கடந்த சில வருடங்களில் மிக மோசமான மாதத்தில் எத்தனை பீஸ் போனது என்று பழைய நோட்டைப் புரட்ட வேண்டும். அந்த எண்ணிக்கை 7,500க்குக் கீழே இருந்தால், அந்த மெஷினுக்கான வேலையை இப்போதைக்கு ஜாப் ஒர்க்கிலேயே விட்டுவைப்பது நல்லது.