மனம் மறுக்காத வாக்கியம்: பிரிவுக்குப் பின் தன்மதிப்பை மீட்டெடுத்தல்

உறக்கமின்மைக்காகப் பொது மருத்துவப் பிரிவிலிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு வந்தார் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். தனியார் நிறுவனத்தில் கணக்கர். நான்கு ஆண்டுகள் பழகியவர், இரு வீட்டாரும் பேசத் தொடங்கிய நேரத்தில் உறவை முறித்துக்கொண்டு விலகிவிட்டார். இணையத்தில் பார்த்த ஓர் அறிவுரைப்படி, "நான் அன்புக்குரியவள்" என்று கண்ணாடியில் எழுதி ஒட்டி, தினமும் காலையில் ஐம்பது முறை சொல்லி வந்திருக்கிறார். "சொல்லச் சொல்ல அழுகைதான் அதிகமாகிறது, டாக்டர். இதைக்கூட என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை" என்றார். (அடையாளம் தெரியாதபடி விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

தவறு அவருடையதன்று, அவர் தேர்ந்தெடுத்த வாக்கியத்தினுடையது. கனடாவின் உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பங்கேற்றவர்களுள் ஒரு பகுதியினர் நான்கு நிமிடங்களில், மணி ஒலிக்கும்போதெல்லாம், தாம் அன்புக்குரியவர் என்னும் பொருள்படும் வாக்கியத்தைத் தமக்குள் சொல்லிக்கொண்டனர். ஏற்கெனவே தன்மதிப்பு மிகுந்தவர்கள் சற்றே தெளிவடைந்தனர். தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தனர். யாருக்கு அந்த வாக்கியம் மிகவும் தேவைப்பட்டதோ, அவர்களையே அது வருத்தியது.

காரணம் எளியது. நாம் நம்பாத ஒன்றை உரக்கச் சொல்லும்போது மனம் அதற்கு எதிர்ச்சான்று தேடுகிறது. "நான் அன்புக்குரியவள்" என்றவுடன், "அப்படியானால் அவர் ஏன் போனார்?" என்ற கேள்வி எழுகிறது. ஐம்பது முறை சொன்னால் அந்தக் கேள்வியும் ஐம்பது முறை எழும். ஆகவே மனம் மறுக்க முடியாத வாக்கியத்தை அமைப்பதே மருத்துவத்தின் முதல் வேலை.

நிகழ்வு வேறு, தீர்ப்பு வேறு

அந்தப் பெண்ணிடம் ஒரு தாளின் நடுவே கோடு போடச் சொன்னேன். இடப்பக்கம் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கம் அதிலிருந்து தம்மைப் பற்றி அவர் எடுத்த முடிவை எழுத வேண்டும். இடப்பக்கம், "நான்கு ஆண்டு உறவை அவர் முடித்துக்கொண்டார்" என்று எழுதினார். வலப்பக்கம், "நான் யாருக்கும் வேண்டாதவள்" என்று எழுதினார். இடப்பக்கம் இருப்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை, மறுக்கவும் கூடாது. வலப்பக்கம் இருப்பது ஒருவருடைய முடிவை உலகத்தின் முடிவாக மாற்றிக்கொண்ட தீர்ப்பு. 'யாருக்கும்' என்ற சொல்லில்தான் அந்த மாற்றம் நிகழ்ந்திருந்தது.

அடுத்து, அந்தச் சொல்லுக்கு எதிரான சான்றுகளைக் கடந்த ஏழு நாள்களுக்குள் மட்டும் தேடினோம். பழைய பெருமைகள் இதற்கு உதவா. "அதெல்லாம் அப்போது" என்று மனம் எளிதில் தள்ளிவிடும். நெடுநேரம் யோசித்தபின், "பக்கத்து வீட்டுச் சிறுமி செவ்வாய்க்கிழமை கணக்குச் சொல்லித்தரக் கேட்டு என்னிடம் வந்தாள்" என்றார். அதிலிருந்து இந்த வாக்கியம் உருவாயிற்று: "அவர் விலகிவிட்டார், அது வலிக்கிறது. இந்த வாரமும் அந்தக் குழந்தை என்னைத் தேடித்தான் வந்தாள்."

இதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டேன். கண்ணாடியில் ஒட்டிய வாக்கியத்துக்கு 2 கொடுத்தவர், இதற்கு 9 கொடுத்தார். நடைமுறையில் 7-க்குக் குறைவாக மதிப்பெண் பெறும் வாக்கியத்தை நான் பரிந்துரைப்பதில்லை. வேறோர் எளிய சோதனையும் உண்டு: வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் மனத்தில் 'ஆனால்' என்ற சொல் எழுந்தால், அது இன்னும் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்க வேண்டும்.

ஆயினும் இந்த ஒரு வாக்கியம் போதாது. பிறர் தேடி வருவதை மட்டுமே நம் மதிப்புக்கு ஆதாரமாக்கினால், அவர்கள் வராத நாளில் மீண்டும் விழுவோம். தான் உயர்வாகக் கருதும் விழுமியங்களை நினைவுகூர்வது, அடிபட்ட தன்மதிப்பைத் தாங்கும் என்பது உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம். அதன்படி, யார் போனாலும் தம்மிடம் எஞ்சியிருப்பது எது என்று கேட்டேன். "சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன்" என்றார். இரண்டாம் வாக்கியம் பிறந்தது: "சொன்னதைச் செய்வது எனக்கு முக்கியம்; நேற்றும் அப்படித்தான் நடந்துகொண்டேன்."

எப்போது, எத்தனை முறை?

எண்ணிக்கையைவிட நேரமே முக்கியம். அவருக்கு இரவு பத்து மணிதான் கடினமான நேரம். முன்பு அழைப்பு வரும் நேரம் அது. வாக்கியங்களை ஒரு சிறு அட்டையில் எழுதி, கைப்பேசியைச் சார்ஜ் போடும் இடத்தில் வைக்கச் சொன்னேன். பத்து மணிக்கு ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு, உடனே ஒரு சிறு வேலை: மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துவைப்பது. அவ்வளவே. நூறு முறை சொல்வது மனத்தை மீண்டும் அந்த உறவையே சுற்றி வரச் செய்யும்.

மூன்றாம் வாரம் அவர் சோர்ந்து வந்தார். அந்த நபரின் நிச்சயதார்த்தப் படத்தை ஒரு தோழியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்திருந்தார். 9 பெற்ற வாக்கியம் அன்று 4-க்கு இறங்கியிருந்தது. இத்தகைய நாளில் பழைய வாக்கியத்தை வலிந்து சொல்லாமல், அன்றைய உண்மையின் அளவுக்கு அதைக் குறைக்க வேண்டும். "இன்று மிகவும் வலிக்கிறது. வலியோடுதான் வேலைக்குப் போய்வந்தேன்" என்று எழுதிக்கொடுத்தோம். அதை மறுக்க அவருடைய மனத்துக்கு வழியில்லை.

இரண்டு வகை வாக்கியங்களைத் தவிர்க்க வேண்டும். "என்னை இழந்ததற்கு அவர் வருந்துவார்" என்பது நம் மதிப்பை இன்னும் அவர் கையிலேயே வைத்திருக்கிறது. "நான் மாறினால் அவர் திரும்பி வருவார்" என்பது உறுதியளிக்கும் வாக்கியமன்று, பேரம்.

பலன் தெரிகிறதா என்பதை அழுகை நின்றதா என்று பார்த்து அளக்க வேண்டாம். நினைவு வந்து கலங்கியபின் கையிலிருந்த வேலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இவருக்கு முதலில் ஓர் இரவு முழுவதும் போயிற்று; ஆறாம் வாரத்தில் ஏறத்தாழ அரை மணி நேரமாயிற்று. வருத்தம் இருந்தது, உறக்கமும் வந்தது.

உடனிருப்போருக்கு

"இதைவிட நல்ல இடம் அமையும்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அது நீங்கள் அறியாத எதிர்காலத்தைப் பற்றிய வாக்கு. கேட்பவரால் நம்ப முடியாது. மாறாக, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்ததை நீதானே கவனித்து வாங்கி வந்தாய்" என்பது சிறிய செய்திதான்; ஆனால் அவருடைய அடுத்த வாக்கியத்துக்கு அதுவே சான்றாகும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நாளின் பெரும்பகுதி நீடிக்கும் சோர்வு, உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைக் காண வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அந்த நபரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.