பொறந்தவளுக்கு ஒரு சேலை

மகா சிவராத்திரி வந்தால் மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் குலதெய்வக் கும்பிடு. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊர் வந்து இறங்குவார்கள். பங்காளிகள் வரி போட்டுப் பூசைச் செலவைப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள், வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆன திருநங்கை மகள் ஒருத்தி வந்து நின்றால் என்ன ஆகும்? இதைச் சிறுகதையாக எழுத நினைப்பவர்கள் இன்று நிறையப் பேர். ஆனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாசல்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அம்மா கதறுவாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், கடைசிப் பத்தியில் கட்டிக்கொள்வார்கள். இல்லையென்றால் அவள் செத்துப்போவாள். அதைவிட மோசம், பஸ்ஸில் வரும் பெண் திருநங்கை என்பதைக் கடைசி வரியில் திருப்பமாக உடைப்பது. ஒருத்தியின் பிறப்பை வாசகனைத் திடுக்கிட வைக்கும் வெடியாக்குவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதையும் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலும் தமிழ் வாசகர்களை இந்த வாழ்க்கையின் பக்கம் முன்பே திருப்பியவை. பிறகு ‘நான் வித்யா’ எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா, ‘வெள்ளை மொழி’ எழுதிய ரேவதி போன்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். அதனால் இனி வெளியிலிருந்து எழுதுகிறவருக்கு வேலை கூடுதல். அவள் வலியை வர்ணித்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பது ஒரு கணக்கு. திருவிழா என்றால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. மகன் தலைக்கட்டு வரி கொடுப்பான். கல்யாணமாகாதவனுக்குச் சில ஊர்களில் அரை வரி. மகள் வரி கொடுக்க மாட்டாள், அவள் ‘பொறந்தவ’. மாவிளக்கு எடுப்பாள், அண்ணன் தம்பி எடுத்துத்தரும் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு முன்னால் நிற்பாள். மற்ற நாளில் ஒருத்தியைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடலாம். கும்பிடு அன்று முடியாது. அவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று குடும்பம் முடிவு செய்தே ஆக வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஒரு கதையை இப்படி வைத்துப் பார்ப்போம். அவள் பெயர் செல்வி. பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவள், இப்போது இருபத்தெட்டு. அப்பா வைத்த பெயரைக் கதை எங்கேயும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஜமாத்தில் அவளுக்கு ஒரு குரு இருக்கிறார், அவரைத்தான் இத்தனை வருஷமும் அம்மா என்று கூப்பிட்டாள். நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் அறுவைச் சிகிச்சை முடிந்து, நாற்பது நாள் கழித்துப் பால் ஊற்றிப் புதுச்சேலை கட்டிவிட்டதும் அந்தக் குருதான். தங்கைக்குச் சடங்கு சுற்றியபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். செல்வியின் சடங்கில் பிறந்த வீட்டார் ஒருவரும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைக் கதையில் நிதானமாகச் சொல்லலாம். பதினோரு வருஷமும் அதற்குள் அடங்கிவிடும்.

பெற்றவளோடு போன் பேச்சு மட்டும் அறுந்ததில்லை. “பேண்டு சட்டை போட்டுட்டு வந்திரு சாமி, ராத்திரியோட கும்பிட்டுட்டுப் போயிரலாம்” என்று வருஷா வருஷம் கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. “ஒங்கப்பாவுக்கு முடியல. வா” என்றாள்.

செல்வி சேலையில் வருகிறாள். தம்பி சின்ன வயதில் அவளை அண்ணே என்று கூப்பிட்டவன். இப்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை, அக்கா என்ற வார்த்தையும் வரவில்லை. “சாப்பாடு ஆச்சா?”, “பஸ்சு கூட்டமா?” என்று ஆளைக் குறிக்காமலே ரெண்டு நாளை ஓட்டுகிறான். கெட்டவன் இல்லை. எழுதுகிறவர் அவனை வில்லனாக்கினால் கதை கெட்டது.

சாயங்காலம் பெரியப்பா வரி நோட்டை விரிக்கிறார். அங்கேதான் செல்வி பார்க்கிறாள்: அவள் காணாமல் போன ஒவ்வொரு வருஷமும் அவளுடைய பழைய பெயருக்கு நேரே அரை வரி கட்டியிருக்கிறது. கட்டியவர் அப்பா. ஊரில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்று கட்டினாரா, மகன் உயிரோடு இருக்கிறான் என்று சாமிக்குச் சொல்லக் கட்டினாரா? இரண்டும்தான். அவள்மேல் அவர் வைத்த பாசம் முழுவதும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. அவளை மறுப்பதும் அதே வரிதான்.

இனி அவள் என்ன செய்வாள்? பேசாமல் இந்த வருஷ அரை வரியைத் தானே கட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பணமும் கையில் இருக்கிறது. ஆனால் கட்டினால் மகனாகத்தான் நிற்க முடியும். “அந்தப் பேர அடிச்சிருங்க பெரியப்பா, நான் பொறந்தவ, எனக்கு வரி கெடையாது” என்று அவள் சொன்னால், அப்பா பதினோரு வருஷம் காப்பாற்றி வைத்த பெயரை அவர் கண்முன்னால் அழிக்கிறாள். இதைவிடக் கனமான இடம் இந்தக் கதையில் வேறில்லை. அழுகையோ வசனமோ இங்கே வேண்டாம்.

அவள் சொல்கிறாள். பெரியப்பா பேனாவை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கிறார். “அவ சொல்றபடி எழுதுண்ணே” என்கிறார் அப்பா. அவர் பேசுவது அவ்வளவே. அடுத்த சிக்கல் தம்பியுடையது. அவள் பொறந்தவ என்றால் அவன் சேலை எடுத்துத்தர வேண்டும். அரை வரி என்றால் யாருக்கும் தெரியாமல் கட்டிவிடலாம். சேலையைப் பங்காளிகள் அத்தனை பேரும் பார்ப்பார்கள். தங்கைக்கு எடுத்த சேலை பையில் இருக்கிறது, ஒன்றுதான் இருக்கிறது. கடை பக்கத்து டவுனில், அது எட்டு மணிக்கு அடைத்துவிடும். அவன் பைக்கை எடுக்கிறானா என்பதோடு கதையை முடிக்கலாம். நான் எழுதினால் அவனை எடுக்க வைப்பேன். இப்படிப்பட்ட தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிய கதை குறைவு.

மகனென்று இருந்தால்தான் சொத்து, மகளானால் போச்சு என்று எழுதுவது பழைய கணக்கு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. செல்வியை எந்த வரிசையில் எழுதினாலும் அவள் பங்கு குறையாது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 12ஆம் பிரிவு, திருநர் என்பதற்காக ஒருவரைக் குடும்ப வீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. அங்கே தங்கவும் வசதிகளைப் பாகுபாடின்றி அனுபவிக்கவும் உரிமை தருகிறது. திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தில் சொல்லும் மணமகளே என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் அவளை வீட்டில் தங்க வைக்கும். மாவிளக்கைக் கையில் கொடுக்காது. அது பங்காளிகளும் தம்பியும் செய்ய வேண்டிய வேலை.

வரும் சிவராத்திரிக்கு உடன்பிறந்தவளுக்குச் சேலை எடுக்கப் போகிற அண்ணன் தம்பிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி எங்கேயோ இருந்தால், அவளுக்கும் சேர்த்து எடுங்கள். எடுத்துவிட்டு, சேலையிலேயே வரச் சொல்லி நீங்களே போன் பண்ணுங்கள். அம்மாவைப் பண்ணச் சொல்லாதீர்கள்.