திரைக்கதை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு: விருது எதற்கு?

2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைக்கதைக்கான விருது ‘சூரரைப் போற்று’ படத்துக்குக் கிடைத்தது. படத்தொகுப்பு விருது ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்துக்கும், ஒளிப்பதிவு விருது ‘அவிஜாத்ரிக்’ என்ற வங்காளப் படத்துக்கும் போயின. சிறந்த படமாகவும் ‘சூரரைப் போற்று’தான் தேர்வானது. அப்படியிருந்தும் மூன்று துறைகளுக்கும் மூன்று படங்கள். படம் மொத்தமாகப் பிடித்ததா என்பதும், அதில் ஒரு துறையின் வேலை எப்படி என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

திரைக்கதை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வசனம். தேசிய விருதுகளில் இவை தனித்தனிப் பிரிவுகள். ‘சூரரைப் போற்று’ படத்தின் வசனங்களை எழுதியவர் விஜய்குமார். திரைக்கதை விருதைப் பெற்றவர்கள் ஷாலினி உஷா நாயரும் சுதா கொங்கராவும். அந்த ஆண்டின் வசன விருதோ ‘மண்டேலா’வுக்காக மடோன் அஸ்வினுக்குப் போனது. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, ஒரு செய்தி எப்போது வெளிப்பட வேண்டும், ஒருவர் எடுக்கும் முடிவுக்குக் காரணம் எங்கே விதைக்கப்படுகிறது என்ற கட்டுமானம்தான் திரைக்கதை. தந்தை சாகக் கிடக்கும் வேளையில் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கப் பணம் போதாமல், நாயகன் விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துகிறான். மலிவுக் கட்டண விமானம் என்ற தொழில் திட்டம் அந்த இடத்தில் ஒரு மகனின் காயமாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் எடுக்கும் ஒவ்வொரு முரட்டு முடிவையும் பார்வையாளர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார். இந்தக் காட்சியில் வசனத்தை எடுத்துவிட்டாலும் வேலை நடக்கும். திரைக்கதையைத் தனியே எடை போட இது ஓரளவு நம்பகமான சோதனை.

இன்னொரு சிக்கல், எது அசல், எது தழுவல் என்பது. படத்துக்கென்றே எழுதப்பட்டது அசல். நாவல், நாடகம் போல ஏற்கெனவே வெளியான படைப்பிலிருந்து எடுத்தது தழுவல். கேட்க எளிது. ஆனால் கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையும் அவருடைய தன்வரலாற்று நூலும் பின்னணியில் இருக்க, ‘சூரரைப் போற்று’ அசல் பிரிவில்தான் விருது பெற்றது. ஹாலிவுட்டில் ‘விப்லாஷ்’ படத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். முதலீடு திரட்டுவதற்காக அதே கதையின் ஒரு பகுதி முன்னதாகக் குறும்படமாக எடுக்கப்பட்டிருந்தது. அதனால் ஆஸ்கர் அமைப்பு அதைத் தழுவல் என்றது. எழுத்தாளர் சங்கமோ அசல் என்றே போட்டியில் சேர்த்தது. ஒரே எழுத்து, ஒரே ஆண்டு, இரண்டு பிரிவுகள்.

மூன்று துறைகளில் மதிப்பிடக் கடினமானது படத்தொகுப்புதான். எடிட்டர் மேசைக்கு எத்தனை மணிநேரக் காட்சிகள் வந்தன, அவற்றில் எது கழிக்கப்பட்டது, மோசமாக எடுக்கப்பட்ட எந்தக் காட்சி அங்கே காப்பாற்றப்பட்டது என்பது நடுவருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் வெட்டுகளை எண்ணி, வேகத்தைத் திறமையாக எடுத்துக்கொள்ளும் தவறு இதனால்தான் நேர்கிறது. ‘பொஹீமியன் ராப்சடி’ 2019இல் படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கியபோது, அதில் இசைக்குழுவினர் மேலாளரைச் சந்திக்கும் ஒரு காட்சி இணையத்தில் கேலிக்குள்ளானது. நாலு பேர் உட்கார்ந்து பேசுவதை, யாரும் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் முகம் மாற்றி முகம் வெட்டியிருந்தார்கள். அந்தக் காட்சியில் தனக்கும் திருப்தியில்லை என்று எடிட்டர் ஜான் ஆட்மனே பின்னர் ஒப்புக்கொண்டார்.

‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்துக்காக ஸ்ரீகர் பிரசாத் பெற்ற விருது வேறு வகை. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் கதைகளை வைத்து வசந்த் எஸ். சாய் இயக்கிய படம் அது. மூன்று காலங்களில் மூன்று பெண்கள். சண்டையோ துரத்தலோ கிடையாது. ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவள் கல்யாணத்துக்குப் பின் வீட்டு வேலைக்குள் அடங்கிப்போவதைக் காட்டும்போது, அந்த வேலையின் சலிப்பு பார்வையாளருக்கு உறைக்கும் அளவுக்கு ஷாட் நீள வேண்டும்; பார்ப்பவருக்கே சலிப்புத் தட்டுமுன் முடிந்துவிடவும் வேண்டும். பேசுகிறவர் முகத்தில் நிற்பதா, கேட்கிறவர் முகத்துக்குப் போவதா, காட்சிக்குள் எவ்வளவு தாமதமாக நுழைந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேறுவது என்பவையே இங்கே கவனிக்க வேண்டியவை. இதைக் கண்டறிய நடுவர் குழுவில் எடிட்டிங் தெரிந்த ஒருவராவது இருந்தாக வேண்டும்.

ஒளிப்பதிவில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. அழகான மலை, அழகான அந்திவானம் ஆகியவற்றுக்கான பாராட்டு ஒளிப்பதிவாளர் கணக்கில் விழுந்துவிடும். சுப்ரதிம் போல் ஒளிப்பதிவு செய்த ‘அவிஜாத்ரிக்’, பிபூதிபூஷணின் அப்புவின் கதையைத் தொடரும் கறுப்பு-வெள்ளைப் படம். வண்ணம் இல்லாவிட்டால் சிவப்புச் சேலையும் பச்சைச் செடியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். ஆளைப் பின்புலத்திலிருந்து பிரித்துக் காட்ட ஒளி ஒன்றுதான் கருவி. எந்த விளிம்பில் வெளிச்சம் விழுகிறது, நிழலுக்குள் எவ்வளவு விவரம் மிஞ்சுகிறது, அந்தத் தேர்வுகள் படம் முழுதும் கதையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கணினி வரைகலை மிகுந்த படங்களில் இந்தக் கணக்கும் குழம்பும். பாண்டிச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ 2013இல் ஒளிப்பதிவு, காட்சி விளைவுகள் இரண்டுக்கும் ஆஸ்கர் வென்றபோது, கடலும் வானமும் கணினியில் உருவானவை என்றால் ஒளிப்பதிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவாதம் எழுந்தது.

தேசிய விருதுக்கு, குறிப்பிட்ட ஆண்டுக்குள் தணிக்கைச் சான்று பெற்ற படங்கள் விண்ணப்பிக்கலாம். ஷியாம் பெனகல் குழுவின் பரிந்துரைப்படி, 57ஆவது விருதுகளிலிருந்து தேர்வு இரண்டு அடுக்காக நடக்கிறது. முதலில் ஐந்து மண்டலக் குழுக்கள் பார்க்கின்றன. தமிழும் மலையாளமும் ஒரே மண்டலம். அவை பரிந்துரைக்கும் படங்களை மத்தியக் குழு பார்த்து இறுதி முடிவெடுக்கிறது. மண்டலத் தலைவர்களும் அதில் உறுப்பினர்கள். மண்டலத்தில் விடுபட்ட படத்தைத் திருப்பி வரவழைத்துப் பார்க்கும் உரிமை மத்தியக் குழுவுக்கு உண்டு; தகுதியான படம் இல்லையென்றால் ஒரு பிரிவில் விருதே தராமலும் விடலாம். மத்தியக் குழுவில் பெரும்பாலோர் தமிழ்ப் படத்தை ஆங்கிலத் துணைவரிகள் வழியாகவே பார்ப்பதால், ‘மண்டேலா’வின் நக்கல் எவ்வளவு கூர்மை என்று சொல்ல மொழி தெரிந்தவர்களின் வாதம் தேவைப்படுகிறது. ஒளிப்பதிவுக்கு அந்தத் தடை இல்லை.

ஆஸ்கரில் நடுவர் குழு கூடி வாதிடும் வழக்கமே இல்லை, எல்லாம் வாக்குச்சீட்டுதான். ஒளிப்பதிவுக்கான பரிந்துரைகளை ஒளிப்பதிவாளர்களும், படத்தொகுப்புக்கானவற்றை எடிட்டர்களும், திரைக்கதைக்கானவற்றை எழுத்தாளர்களும் தருகிறார்கள். இறுதிச் சுற்றில் எல்லாத் துறை உறுப்பினர்களும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கலாம். பரிந்துரைப் பட்டியல் துறைக்காரர்களின் மதிப்பீடு என்றால், வெற்றி பெரும்பாலும் மொத்தப் படத்தின் மீதான விருப்பத்தைக் காட்டுவது இதனால்தான். படத்தைப் பார்க்காமலே வாக்களிக்கிறார்கள் என்ற புகார் நீண்டகாலமாக இருந்தது. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்தவர்களே அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்ற விதியை அகாடமி 2025 ஏப்ரலில்தான் அறிவித்தது.