எந்த ஆர்டரில் கைக்காசு போகிறது?

மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடியும் முறுக்கும் செய்து, சொந்த இணையதளத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கால் கிலோ பொடி பாக்கெட் 180 ரூபாய், டெலிவரி இலவசம். பருப்பு, மிளகாய், எண்ணெய், வறுத்து அரைக்கும் கூலி, பாக்கெட் கவர் எல்லாம் சேர்த்து அடக்கம் 102 ரூபாய். பாக்கெட்டுக்கு 78 ரூபாய் நிற்கிறது என்றுதான் மனக்கணக்கு சொல்லும். ஆர்டர் குவிகிறது, இரவு பகலாக வேலை நடக்கிறது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் மட்டும் அந்த 78 ரூபாய்களைக் காணோம்.

மாத வரவிலிருந்து மாதச் செலவைக் கழித்தால் மொத்தத்தில் லாபமா நட்டமா என்பது தெரியும். எந்த ஆர்டர் சம்பாதித்தது, எந்த ஆர்டர் அதைத் தின்றது என்பது தெரியாது. அதற்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாகக் கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும்.

சென்னைக்குப் போகும் ஒரு பாக்கெட்டின் கணக்கைப் பார்ப்போம். வாடிக்கையாளர் 180 ரூபாயை யுபிஐ அல்லாமல் நெட் பேங்கிங்கில் கட்டுகிறார். பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுக்கிறது. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.25 ரூபாய். அட்டைப் பெட்டி, டேப், குமிழ் உறை, முகவரி ஸ்டிக்கர் 18 ரூபாய். அரை கிலோ வரைக்குமான கூரியர் கட்டணம் 55 ரூபாய் என்றால், ஜிஎஸ்டியுடன் 64.90. அடக்க விலையையும் சேர்த்துக் கூட்டினால் 189.15 ரூபாய். அதாவது 9 ரூபாய் 15 காசு கைக்காசு போட்டுத்தான் அந்தப் பொடியைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதே பாக்கெட் மதுரைக்குள் போனால் கூரியர் 47.20தான். அதில் 8.55 ரூபாய் நிற்கும். பொருளும் விலையும் மாறவில்லை. ஊர் மாறியதில் லாபம் நட்டமாகிவிட்டது.

இந்தக் குடும்பம் ஜிஎஸ்டி பதிவு செய்யாதது. அதனால் கட்டணங்களின் மேல் கட்டிய வரியும் செலவுதான். பதிவு செய்தவர்கள் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் அதைச் செலவில் சேர்க்கக் கூடாது. அதேபோல் விற்பனை விலைக்குள் இருக்கும் வரியை வரவாக எண்ணவும் கூடாது.

இந்தக் கணக்கை எழுத எக்செல் போதும். ஓர் ஆர்டருக்கு ஒரு வரி. A-வில் ஆர்டர் எண், B-யில் கூரியர் ரசீது எண், C-யில் தள்ளுபடி போக உண்மையில் கைக்கு வந்த தொகை. D முதல் G வரை அடக்கம், கேட்வே, பேக்கிங், கூரியர். கேட்வே கட்டணத்தை அவர்கள் தரும் செட்டில்மென்ட் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும். கார்டு, யுபிஐ, இஎம்ஐ என்று வழிக்கு வழி அது மாறும். கூரியர் பில்லை ‘Courier’ என்ற தனித் தாளில் ஒட்டி (A-யில் ரசீது எண், D-யில் தொகை), G2-விலும் H2-விலும் இப்படி எழுதலாம்:

```
G2: =SUMIF(Courier!A:A,B2,Courier!D:D)
H2: =C2-D2-E2-F2-G2
```

இங்கே SUMIF போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே பார்சலுக்குக் கூரியர் பில்லில் இரண்டு மூன்று வரிகள் வரலாம். அனுப்பிய கட்டணம் ஒரு வரி, எடை கூடியதென்று பின்னால் போட்ட கட்டணம் ஒரு வரி, திரும்பி வந்திருந்தால் அதற்கு இன்னொரு வரி. VLOOKUP முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பில் இன்னும் வராத ஆர்டருக்கு G-யில் பூஜ்யம் நிற்கும், அந்த ஆர்டர் அமோக லாபம் போலத் தெரியும். பூஜ்யம் உள்ள வரிகளை ஒதுக்கிவைத்த பிறகே H-ஐச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும்.

அப்படி வரிசைப்படுத்தும்போது முறுக்கு மேலே வந்து நிற்கும். விலை 380, அடக்கம் 190, கேட்வே 8.97, பேக்கிங் 25. பெட்டியோடு தராசில் வைத்தால் 600 கிராம். ஒரு கிலோவுக்கான 112.10 ரூபாய் போனால் 43.93 லாபம் என்றுதான் எதிர்பார்த்தார்கள். கூரியர் பில்லில் இருப்பதோ 206.50. தராசு காட்டாததை டேப் காட்டும். நீளம் 30, அகலம் 20, உயரம் 15 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி, வழக்கமான கணக்குப்படி 5000-ஆல் வகுத்தால் 1.8 கிலோ. தராசு எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூரியர் காசு. 1.8 கிலோ என்பது 2 கிலோ கட்டணத்தில் விழுந்து, 50.47 ரூபாய் நட்டமாகிவிட்டது. முறுக்கு உடையக் கூடாதென்று பெரிய பெட்டியில் காகிதம் திணித்ததன் விலை இது. 24, 16, 12 அளவுள்ள பெட்டிக்குள் முறுக்கு அடங்கிவிட்டால் கன அளவு எடை 0.92 கிலோ. கட்டணம் 112.10-க்கே இறங்கிவிடும்.

அதற்கும் மேலே, பட்டியலின் தலையில், கேஷ் ஆன் டெலிவரியில் போய்த் திரும்பிய பார்சல்கள் நிற்கும். வாங்க வேண்டியவர் வீட்டில் இல்லை, அல்லது வேண்டாம் என்றுவிட்டார். ஒரு பொடி பாக்கெட் சென்னை போய்வர இரண்டு முறை 64.90, பேக்கிங் 18, ஆக 147.80. வழியில் நசுங்கி விற்க முடியாமல் போனால் அடக்கமும் சேர்ந்து 249.80. சென்னைக்கே ஐந்து பாக்கெட்டாகப் போகும் நல்ல ஆர்டர் ஒன்றில் நிற்பது 181.46 ரூபாய். திரும்பி வந்த ஒரே ஒரு பார்சல் அதை முழுசாக விழுங்கிவிட்டு, மேலே 68 ரூபாயும் கேட்கிறது. திரும்பிய ஆர்டரை ரத்தானது என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. வரவு பூஜ்யம் என்று எழுதி, அதைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஒற்றைப் பாக்கெட்டுக்கு என்ன செய்வது? விலையை ஏற்றுவதற்கு முன்னால் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கலாம். சென்னைக்கு இரண்டு பாக்கெட் போனால் பெட்டியோடு அரை கிலோவைத் தாண்டி, ஒரு கிலோ கட்டணமான 112.10 விழும். பேக்கிங் 20 ரூபாய் என்றால் நிற்பது 15.40 மட்டும். மூன்று பாக்கெட்டும் பெட்டியும் சேர்ந்தால் 870 கிராம்தான். கூரியர் கட்டணம் அதே 112.10. பேக்கிங் 22 ரூபாய் போனாலும் நிற்பது 87.16. மூன்றாவது பாக்கெட் கூரியருக்குக் காசே கொடுக்காமல் பயணம் செய்கிறது.

ஆகவே இலவச டெலிவரியை 500 ரூபாய்க்கு மேல் என்று வைப்பது இந்தக் கடைக்குப் பொருந்தும். அதற்குக் கீழே 40 ரூபாய் வாங்கினால், சென்னைக்குப் போகும் ஒற்றைப் பாக்கெட்டிலும் 29.91 நிற்கும். அந்த 40 ரூபாயைப் பார்த்துச் சிலர் வாங்காமலே போவார்கள். அவர்களில் பலர் 9 ரூபாய் நட்டத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

H-இல் நிற்கும் தொகை முழு லாபம் ஆகாது. விளம்பரம், வாடகை, இணையதளக் கட்டணம், பேக் செய்கிறவரின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதனால்தான் H-இல் மைனஸ் விழுந்த ஆர்டர் எண்ணிக்கையில் எவ்வளவு பெருகினாலும் உதவாது. பத்து ஆர்டரில் 91 ரூபாய் போனது, நூறு ஆர்டரில் 915 ரூபாயாகப் போகும்.