இரண்டு மரங்களைக் கலைத்து ஒன்றாகக் கட்டுவது

தேடல் மரத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். அதில் எந்தக் கணுவை எடுத்தாலும், அந்தக் கணுவிலுள்ள எண்ணைவிடச் சிறியவை எல்லாம் அதன் இடப்பக்கம் இருக்கவேண்டும். பெரியவை எல்லாம் வலப்பக்கம். தேடுகிறவர் வேரில் தொடங்கி, ஒவ்வொரு கணுவிலும் "நான் தேடுவது இதைவிடச் சிறியதா, பெரியதா?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குவார். கணினி மரத்தில் வேர் உச்சியில்தான் இருக்கும். இரு பக்கமும் சமமாக வளர்ந்த மரத்தில் பத்து லட்சம் எண்கள் இருபது அடுக்குகளுக்குள் அடங்கிவிடும். எனவே இருபது கேள்விகளுக்குள் விடை கிடைத்துவிடும்.

ஆனால் அதே எண்களை ஏறுவரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால், ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்பக்கமே போய் ஒட்டிக்கொள்ளும். சட்டம் மீறப்படவில்லை; ஆனாலும் கிடைப்பது மரம் அல்ல, நீண்ட சங்கிலி. அதில் கடைசி எண்ணைத் தேடப் பத்து லட்சம் படி இறங்கவேண்டும். 1962இல் சோவியத் கணிதவியலாளர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். புது எண் சேரும்போதே சாய்வைக் கவனித்துக் கணுக்களைச் சுழற்றிச் சரிசெய்யும் மரம் அது. அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஏ.வி.எல். மரம் என்றே அழைக்கப்படுகிறது.

சிக்கல் இரண்டு மரங்களை ஒன்றாக்கும்போது வருகிறது. ஒரு மரத்தின் எண்கள் எல்லாமே மற்றதைவிடப் பெரியவை என்றால், ஒன்றின் ஓரத்தில் மற்றதை ஒட்டிவிடலாம். நடைமுறையில் அப்படி அமைவது அபூர்வம். எண்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவியிருக்கும். முதல் மரத்தில் 20க்கும் 30க்கும் இடையில் நுழையவேண்டிய 25 இரண்டாவது மரத்தில் உட்கார்ந்திருக்கும்.

இங்கே உதவுவது ஒரு சிறிய உண்மை. மரம் எந்த வடிவில் இருந்தாலும், ஒவ்வொரு கணுவிலும் முதலில் இடக்கிளை முழுவதையும், பிறகு அந்தக் கணுவையும், அதன்பின் வலக்கிளையையும் படித்துக்கொண்டு போனால் எண்கள் ஏறுவரிசையில்தான் வெளிவரும். மரத்தின் வடிவம் என்பது எண்கள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தன என்பதன் தடயம் மட்டுமே. அதை இழப்பதில் நட்டமில்லை. ஆகவே இரண்டு மரங்களையும் கலைத்து இரண்டு வரிசைகளாக்கி, வரிசைகளைப் பின்னி ஒன்றாக்கி, அதிலிருந்து புது மரம் கட்டலாம்.

முதல் மரத்தில் 50 வேர். அதன் கீழே 30, 70. கடைசி அடுக்கில் 20, 40, 60, 80. ஒழுங்கான மரம். இரண்டாவது ஒரு சங்கிலி: 25, 35, 45, 55, 65, 75, 85, 90. படித்து முடித்ததும் கையில் இரண்டு ஏறுவரிசைகள் இருக்கும். இனி செய்யவேண்டியது, பதிவெண் வரிசையில் அடுக்கிய இரண்டு விடைத்தாள் கட்டுகளை ஒன்றாக்கும் வேலைதான். இரு கட்டிலும் மேலே இருப்பதை மட்டும் ஒப்பிட்டு, சிறியதை எடுத்து வைக்கவேண்டும். 20, 25 இரண்டில் 20 வெளியே வரும். அடுத்து 30, 25 இரண்டில் 25. பதின்மூன்றாவது ஒப்பீட்டில் 80 வெளியேறும்போது முதல் வரிசை காலியாகிவிடும். மிஞ்சிய 85, 90 இரண்டையும் கேள்வி கேட்காமல் அப்படியே கடைசியில் சேர்த்துவிடலாம். இந்தப் பின்னல் உத்தியை 1945இலேயே ஜான் வான் நாய்மன் வரிசைப்படுத்தலுக்காக எழுதிவைத்துவிட்டார்.

இப்போது 20 முதல் 90 வரை பதினைந்து எண்கள். நடுவில், எட்டாவதாக நிற்பது 55. அதுதான் புது வேர். அதற்கு இடப்புறமுள்ள ஏழில் நடு எண் 35, வலப்புற ஏழில் 75. அவை வேரின் இரு பிள்ளைகள். மிஞ்சிய மும்மூன்று எண்களிலும் அதே வேலை: 25, 45, 65, 85 மூன்றாம் அடுக்கு, 20, 30, 40, 50, 60, 70, 80, 90 கடைசி அடுக்கு. நான்கே அடுக்குகள். ஒரு கணுவைக்கூடச் சுழற்றவில்லை. பழைய மரத்தின் வேராக இருந்த 50 இப்போது இலையாக அடியில் கிடக்கிறது. எட்டு அடுக்குச் சங்கிலியின் சுவடே இல்லை.

ஒரே எண் இரு மரங்களிலும் இருந்தால் பின்னும்போது இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும். எதை வைத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவெடுத்துவிடவேண்டும். விட்டுவிட்டால் இரட்டைப் பதிவு மரத்துக்குள் போய்விடும். சங்கிலி மரத்தைப் படிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. தன்னையே மீண்டும் மீண்டும் அழைக்கும் நிரலால் படித்தால், அது ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அழைப்பை நினைவில் வைத்திருக்கும். பைத்தான் மொழி வழக்கமாக ஆயிரம் அழைப்புகளோடு நிறுத்திக்கொண்டு `RecursionError` என்று கைவிரித்துவிடும். நிரலாளர் தாமே ஓர் அடுக்கை வைத்துக்கொண்டு படித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டிய மரம் சரிதானா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு கணுவையும் அதன் இரு பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது. நம் மரத்தில் 45இன் வலப்பக்கம் 50க்குப் பதில் தவறுதலாக 60 உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். 60 என்பது 45ஐவிடப் பெரியதுதான், குறை தெரியாது. ஆனால் 60ஐத் தேடுகிறவர் வேரிலிருக்கும் 55இலேயே வலப்பக்கம் திரும்பிவிடுவார். இந்த 60ஐ ஒருநாளும் பார்க்கமாட்டார். முழு மரத்தையும் மறுபடி இடமிருந்து வலமாகப் படித்தால் 60க்குப் பிறகு 55 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஜாவா மொழியின் `TreeMap` என்ற மரத்துக்குள்ளும் இந்த நடுவெண் உத்தி இருக்கிறது. காலியான ஒரு மரத்தில், அதே ஒழுங்கில் ஏற்கெனவே வரிசையாக உள்ள தொகுதியைக் கொட்டினால், அது ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் `buildFromSorted` என்ற உள்நிரலைக் கொண்டு நேராகக் கட்டிவிடும். அது சிவப்பு-கறுப்பு மரம் என்பதால் கூடுதலாக ஒரு வேலை: கடைசி அடுக்கு நிறையாமல் பாதியில் நின்றால் அங்குள்ள கணுக்களுக்கு மட்டும் சிவப்புப் பூசி, மற்றதைக் கறுப்பாக வைத்துவிடும்.

எல்லா இடத்திலும் இந்த வழியைக் கையாளக்கூடாது. இரு மரத்திலும் பத்துப் பத்து லட்சம் எண்கள் இருந்தால் கணக்கு தெளிவு: ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு கோடிப் படிகள், கலைத்துக் கட்டினால் ஒவ்வொரு எண்ணையும் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவை தொட்டால் போதும். ஆனால் ஒன்றில் பத்து லட்சமும் மற்றதில் நூறும் இருந்தால், அந்த நூறையும் சேர்க்க இரண்டாயிரம் படியே ஆகும். அதற்காகப் பத்து லட்சத்தையும் கலைப்பது வீண்வேலை. புது வரிசைக்கும் புது மரத்துக்கும் தனியாக நினைவகம் வேறு வேண்டும்.

எண்களைச் சேமிக்கும் இடம் வட்டு என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். வட்டில் அங்கங்கே தாவித் தாவி எழுதுவது மெதுவானது. தொடர்ச்சியாக எழுதுவது வேகமானது. பேட்ரிக் ஓ'நீலும் மூன்று சகாக்களும் 1996இல் வெளியிட்ட எல்.எஸ்.எம். மரம் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. புதுப் பதிவுகள் முதலில் நினைவகத்திலுள்ள சிறிய மரத்தில் சேரும். அது குறிப்பிட்ட அளவை எட்டியதும், அதன் பதிவுகளை வரிசையாகப் படித்து, வட்டிலிருக்கும் பெரிய மரத்தின் பதிவுகளோடு பின்னி, நிறைந்த கட்டங்களாகப் புது இடத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். கசாண்ட்ரா, ராக்ஸ்டிபி போன்ற இன்றைய தரவுத்தளங்கள் இந்த வழியில் வந்தவை. அவை ஒரு பதிவை அழிக்க வேண்டுமென்றால் உடனே அழிப்பதில்லை. "இது செல்லாது" என்று ஒரு குறியை மட்டும் சேர்த்துவைக்கின்றன. பின்னும் வேளையில் அந்தக் குறியும் பழைய பதிவும் நேருக்கு நேர் வரும்போதுதான், புதியதே செல்லும் என்ற விதிப்படி பழையது விடுபட்டுப்போகிறது.