மூன்றாம் மாதத்தில் மதிப்பெண் நகராதபோது: நீண்ட தேர்வுத் தயாரிப்பில் ஏற்படும் ஊக்கக் குறைவு

ஆரம்ப சுகாதார நிலையங்களின் புறநோயாளிகள் பிரிவுக்கு ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒருவகை நோயாளிகள் வருகின்றனர். தலைவலி, கண் எரிச்சல், பசியின்மை, உறக்கமின்மை என்று சீட்டில் எழுதியிருக்கும். வயது பதினெட்டு அல்லது பத்தொன்பது. விசாரித்தால், பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்த மே மாதம் நடைபெறும் நீட் தேர்வை இரண்டாம் முறையாக எழுதுவதற்கு ஜூலையிலிருந்து படித்து வருபவர்கள் என்பது தெரியவரும். முதல் மாதத்தின் உற்சாகம் தீர்ந்துவிட்டது. தேர்வோ இன்னும் ஏழெட்டு மாதம் தொலைவில் உள்ளது. இடையில் நிற்கும் இம்மூன்றாம் மாதத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

அத்தகைய மாணவி ஒருவரின் நிலையை இங்கு விளக்குகிறேன். அடையாளம் தெரியாதவாறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தாயார் உடன் வந்திருந்தார். “ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறாள் டாக்டர். மார்க் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. இப்போது புத்தகத்தைத் திறக்கவே பயப்படுகிறாள்” என்றார். மாணவி ஒரு குறிப்பேட்டை நீட்டினார். வாராந்திர மாதிரித் தேர்வு மதிப்பெண்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஜூலை இறுதியில் 380. செப்டம்பர் இறுதியில் 383. மூன்று மாத உழைப்புக்கு மூன்று மதிப்பெண் என்று அவரே கீழே எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கணக்கு சரியானதுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருந்தது. நீட் மாதிரித் தேர்வில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். ஜூலைத் தேர்வில் அவர் 102 வினாக்களுக்குச் சரியாகவும் 28 வினாக்களுக்குத் தவறாகவும் விடையளித்து, 50 வினாக்களை விட்டிருந்தார். செப்டம்பரில் சரி 104, தவறு 33, விட்டவை 43. ஆனால் ஜூலைத் தேர்வு முதல் மாதத்தில் நடத்திய ஒன்பது பாடங்களிலிருந்து மட்டும் அமைந்தது. செப்டம்பர்த் தேர்வோ மூன்று மாதங்களில் நடத்திய இருபத்தாறு பாடங்களுக்கும் உரியது. பாடப்பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகியும் மதிப்பெண் குறையவில்லை. அளவுகோலே நீண்டுகொண்டிருந்ததால், வளர்ச்சி அதில் பதிவாகவில்லை.

வாரந்தோறும் வரும் மதிப்பெண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு வினாவின் விடை தவறிலிருந்து சரிக்கு மாறினால் 5 மதிப்பெண் வேறுபடும். அரைகுறையாக ஊகித்த நான்கு வினாக்கள் ஒரு வாரம் பொருந்தி வருவதும் மறுவாரம் பொருந்தாமல் போவதுமே 20 மதிப்பெண் ஏற்ற இறக்கத்துக்குப் போதும். அந்த ஏற்றத்தில் மகிழ்ந்து, இறக்கத்தில் இரண்டு நாள் படிக்காமல் அமர்ந்திருப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே அம்மாணவியிடம், ஜூலை வினாத்தாளையே மீண்டும் எடுக்குமாறு கூறினேன். அன்று தவறிய 28, விட்ட 50, ஆக 78 வினாக்களை மட்டும் புத்தகம் பார்க்காமல் இரண்டு மாலைகளில் போட வேண்டும். விடைக்குறியை மட்டும் எழுதினால் பழைய நினைவால் எழுதியதாக இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். அன்று சரியாக விடையளித்தவற்றிலிருந்தும் ஏதேனும் இருபது வினாக்களைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துத் தாளுடன் வந்தார். ஜூலையில் முடியாத 78 வினாக்களில் 41-ஐ இப்போது காரணத்துடன் எழுதியிருந்தார். மதிப்பெண் பட்டியலில் எங்கும் தென்படாத வளர்ச்சி அது. இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அன்று சரியாக எழுதிய இருபதில் ஐந்து இப்போது மறந்துவிட்டன. ஐந்தும் மனனத்தை வேண்டும் தாவர வகைப்பாட்டுப் பகுதியைச் சேர்ந்தவை. கற்பதும் மறப்பதும் ஒரே காலத்தில் நடப்பதால், மூன்றாம் மாதத்தில் பலருக்கும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோன்ற உணர்வு ஏற்படுகிறது.

மீதமிருந்த 37 வினாக்களையும் பிரித்துப் பார்த்தோம். 12 வினாக்களில் வழிமுறை சரி, கணக்கீட்டில் பிழை. 11 வினாக்கள் படித்தவையே, ஆனால் நினைவுக்கு வரவில்லை. 14 வினாக்களில் கருத்தே விளங்கவில்லை. ‘எனக்கு ஒன்றும் வராது’ என்று வந்தவரிடம், ஆசிரியரை அணுகிக் கேட்க வேண்டிய பதினான்கு வினாக்கள் மட்டும் எஞ்சின. கணக்கீட்டுப் பிழைக்கு நேரம் வைத்துப் போடும் பயிற்சியும், நினைவுக்கு வராதவற்றுக்கு இடைவெளி விட்ட மீள்பார்வையும் தேவை. புதிதாகப் படிப்பது இவ்விரண்டுக்கும் உதவாது.

இத்தாளை வாரந்தோறும் போட வேண்டியதில்லை. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைக்கு இரண்டு மாதம் பழைய வினாத்தாளை எடுத்தால் போதும். அடிக்கடி பார்த்தால் இதுவும் மற்றொரு மதிப்பெண் பட்டியலாகிவிடும்.

இங்குப் படிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மாணவி ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை வாசித்து வந்தார். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகத் தோன்றியது, தேர்வில் வரவில்லை. இது சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் முன்னின்றனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்தபின் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னின்றனர். கவனிக்கத்தக்கது யாதெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கை கொண்டிருந்தவர்கள் வாசித்த குழுவினரே. எளிதாக இருப்பது கற்றலின் அடையாளம் அன்று என்பது இதனால் விளங்கும்.

அம்மாணவிக்குக் கூறியது இதுவே: நாற்பது நிமிடம் படித்தபின் புத்தகத்தை மூடுக, வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவில் உள்ளதை எழுதுக, பிறகு திறந்து விடுபட்டதை வேறு நிற மையால் சேர்க்க. முதல் இரண்டு வாரங்கள் இது மனத்தைத் தளரச் செய்யும், ஏனெனில் விடுபட்டவையே கண்ணில் படும். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால், தளர்ச்சியைத் தோல்வி என்று எண்ணி முறையைக் கைவிட நேராது.

இனி உடல் பற்றியது. ஊக்கமின்மை என்று கருதப்படுவதில் ஒரு பகுதி உடல்நலக் குறைவாக இருக்கலாம். இம்மாணவியின் கீழிமை வெளிறியிருந்தது; இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 கிராம். இவ்வயதுப் பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் இரத்தசோகை எனக் கொள்ளப்படும். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்பட்ட இரும்புச்சத்து மாத்திரை, பள்ளியை முடித்தபின் நின்றுபோயிருந்தது. வீட்டில் எவரும் அதை நினைக்கவில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் சோர்வும் கவனச் சிதறலும் ஏற்படும். அதை மன உறுதியால் வெல்ல இயலாது. மாத்திரையை மருத்துவர் கூறும் அளவிலும் காலத்திலும் உட்கொள்ள வேண்டும்; தேநீர், காப்பியுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது.

உறக்கமும் அவ்வாறே. இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து வந்தார். பகலில் கற்றவை நினைவில் நிலைபெறும் பணி உறக்கத்தில் நடைபெறுகிறது. இவ்வயதினருக்கு நாள்தோறும் ஏழு முதல் எட்டு மணி நேர உறக்கமேனும் தேவை. மாலை ஐந்து மணிக்குப் பின் தேநீரை நிறுத்தி, இரவு பத்தரைக்குப் படுக்குமாறு கூறியபோது, “இரண்டு மணி நேரப் படிப்பு போய்விடுமே” என்று தாயார் கவலைப்பட்டார். நள்ளிரவில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் காட்டச் சொன்னேன். கடைசிப் பத்து வரிகளை மாணவியாலேயே படிக்க இயலவில்லை.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் “எவ்வளவு?” என்பதே முதல் சொல்லாக இருந்தால், அவர் மதிப்பெண்ணை மறைக்கத் தொடங்குவார், பிறகு வருத்தத்தையும் மறைப்பார். “போன மாதம் வராத எது இப்போது வருகிறது?” என்று கேட்கலாம். செலவழித்த பணத்தையும் உறவினர் வீட்டுப் பிள்ளையின் கல்லூரியையும் பேச்சில் கொண்டுவராதிருப்பதே பெரும் உதவி.

எப்போது இது ஊக்கக் குறைவு மட்டும் அன்று என அறிவது? சாதாரணச் சோர்வு ஓய்வு நாளில் விலகும். தோழியர் வந்தால் சிரிப்பார், திருமண வீட்டில் இயல்பாக இருப்பார். படிப்பில் மட்டுமன்றி, பிடித்த பாட்டு, உணவு, நட்பு என எதிலும் நாட்டமின்றி, பெரும்பாலான நாள்களில் துயரத்துடன் இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். உறக்கம் அல்லது பசி பெரிதும் மாறுதல், தாம் குடும்பத்துக்குப் பாரம் என்று கூறுதல், தமக்குரிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். இந்நிலையில் மேற்கூறிய தாளும் அட்டவணையும் போதா. மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. பல பிள்ளைகள் எவரேனும் கேட்க மாட்டார்களா என்றே காத்திருக்கின்றனர். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் முதலியவற்றைக் கைக்கு எட்டாமல் அகற்றி, அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலி-மானஸ் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாணவரே அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

அம்மாணவிக்கு இந்நோய் இருக்கவில்லை. ஆறு வாரங்களுக்குப் பின் வந்தபோது ஹீமோகுளோபின் 10.8 ஆகியிருந்தது, தலைவலி வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் குறைந்திருந்தது. மாதிரித் தேர்வு மதிப்பெண் 396. விளங்காத பதினான்கு வினாக்களில் ஒன்பதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்திருந்தார். எஞ்சிய ஐந்தும் சுழற்சி இயக்கம் பற்றியவை என்றும், அவற்றைத் தீபாவளி விடுமுறைக்குப் பின் பார்த்துக்கொள்வதாகவும் கூறினார். மாத்திரையை மேலும் மூன்று மாதங்களுக்குத் தொடருமாறு எழுதிக் கொடுத்தேன்.